தொந்தரவே இல்லாதவள்

கூடத்தில் எனக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. விளம்பரமோ, ரயில் நிலைய அறிவிப்போ, பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வதோ, எது வந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான். வாசிப்பவரின் வயிறு பசியில் லேசாக உறுமினால்கூடப் பதிவை நிறுத்திவிடுவேன். "சாப்பிட்டுட்டு வாங்க சார், வயிறு வசனம் பேசுது" என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் வரும் அசடு இருக்கிறதே, அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அந்தப் பட்டப்பெயரைப் பட்டம் போலவே சுமந்துகொண்டு திரிந்தேன்.

பாம்புச்செவியனுக்கு வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினாறு வயது. அவள் கதவைச் சாத்த மாட்டாள், அறைவாள். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள், கேட்காததற்குச் சண்டைக்கு வருவாள். சின்னவளுக்குப் பதினான்கு. அவளைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவ தொந்தரவே இல்லாத பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மறுபடி பெரியவளைப் பற்றிப் புலம்ப ஆரம்பிப்பேன்.

புலம்பக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் துணி அலமாரி வைக்கக் கட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. அதில் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு மைக்கை நட்டு, அதற்கு 'வீட்டு ஸ்டுடியோ' என்று நானே பெயரும் வைத்திருந்தேன். சில்லறை வேலைகளுக்கு என் குரலையே கொடுத்து அங்கே பதிவு செய்வேன். உள்ளே நான் குரலைத் தேனில் தோய்த்து, "எங்கள் மெத்தையில் உறங்குங்கள், நிம்மதியாக" என்று சொல்லும்போதுதான் வெளியே பெரியவள் கதவை அறைவாள். டேக் போச்சு. நிம்மதியும் போச்சு.

அந்த மாதம் ஒரு மனநல மருத்துவரின் வானொலிப் பேச்சு எங்கள் கூடத்துக்கு வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி. பெருமூச்சையும் இருமலையும் நீக்குவதற்காக அதை எத்தனையோ முறை கேட்டேன். அவ்வளவு கேட்டதால் நானும் பாதி மருத்துவர் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. அவர் சொன்னதில் ஒரு வரி மட்டும் என் மனதில் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது: 'பெரியவர்களுக்கு மனச்சோர்வு சோகமாகத் தெரியும், பிள்ளைகளிடம் அது சில சமயம் எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியலாம்.' எரிச்சலும் கோபமும்தான் எங்கள் வீட்டில் ஆறாக ஓடுகிறதே.

அடுத்த நாளே பெரியவள் தங்கையின் அறையிலிருந்து புயலாக வெளியே வந்து, சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி கதவை அறைந்தாள். "இந்த வீட்ல யாருக்கும் எதுவும் தெரியாது" என்று கத்திவிட்டுத் தன் அறைக்குப் போய் அந்தக் கதவையும் அறைந்தாள். நான் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். "நான் சொல்லல? இது அதுதான்."

"எது எதுதான்?" என்றாள் மனைவி. அவள் வங்கியில் கவுன்டரில் உட்காருபவள். நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறவர்களைச் சமாளிப்பதால் வீட்டில் அவள்தான் கேள்வி கேட்பாள்.

"மனச்சோர்வு. டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"ரேடியோல."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் பள்ளி ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியது அவள்தான். வங்கியில் விடுப்புக் கிடைக்காததால் பெரியவளை அழைத்துக்கொண்டு போனது நான்.

ஆலோசகரின் அறை விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே பந்து ரப்பரின் வாடை. ஆலோசகர் என் மனைவி வயதுப் பெண்மணி. நான் வானொலி மருத்துவரின் வரிகளை ஒப்பிக்க ஆரம்பித்ததும் புன்னகையோடு கையமர்த்திவிட்டு, பெரியவளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. ராத்திரி தூக்கம் வருதா?"

"வருது. இவர் எழுப்பினாத்தான் போகும்."

"சாப்பாடு?"

"இவர் முட்டையையும் நான்தான் சாப்பிடறேன்."

"ஃப்ரெண்ட்ஸ் கூட இருக்கும்போது எப்படி இருப்ப?"

"நல்லா இருப்பேன். இப்பக்கூட பந்து விளையாடிட்டு இருந்தேன். நடுவுல இவர் வந்து கூட்டிட்டு வந்துட்டார். டீம்ல எல்லாரும் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க."

"கோபம் வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

பெரியவள் யோசித்தாள். "பசிக்கிற வரைக்கும்."

இன்னும் பல கேள்விகள் கேட்டார். முன்பு பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்காமல் போயிற்றா, பாடத்தில் மனம் நிற்கிறதா, தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள். என்னைச் சிறிது நேரம் வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாகவும் பேசினார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க கூட்டிட்டு வந்தது தப்பில்ல சார். எரிச்சலே நோயோட முகமா இருக்கறதும் உண்டு. ஆனா அது மழை மாதிரி வந்துட்டுப் போகாது. ரெண்டு வாரம், மூணு வாரம்னு பெரும்பாலான நாள் தங்கிடும். வீட்ல மட்டுமில்ல, ஸ்கூல், ஃப்ரெண்ட்ஸ், விளையாட்டு எல்லாத்துலயும் கை வைக்கும். இவளுக்குக் கோபம் வருது, போகுது. சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்கறா. இப்போதைக்கு இது வயசு. மாறினா வாங்க."

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். என் முதல் நோயாளி கைவிட்டுப் போய்விட்டாளே என்கிற மாதிரி. எழுந்திருக்கும்போது அவர் சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"வீட்ல வேற பிள்ளைங்க?"

"சின்னவ இருக்கா. இதே ஸ்கூல்தான். அவ தொந்தரவே இல்லாத பிள்ளை."

"அப்படின்னா?"

இதுவரை யாரும் அந்த வரிக்கு அர்த்தம் கேட்டதில்லை. "அப்படின்னா... சொன்னதைச் செய்வா. சண்டை கிடையாது. அது வேணும் இது வேணும்னு கேக்கறது இல்ல. ரூமை விட்டே வரமாட்டா, அவ்வளவு அமைதி."

"எப்பவுமே இப்படியா?"

"எப்பவுமே..." என்று ஆரம்பித்த நான் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றேன். "இல்ல. முன்னாடி எந்நேரமும் முனகிட்டே இருப்பா. ஏதாவது பாட்டு. பல் தேய்க்கும்போதுகூட. நான் ரெக்கார்டிங்ல இருக்கும்போது சுவரைத் தட்டித் தட்டி அடக்குவேன்."

"அது எப்ப நின்னுச்சு சார்?"

எனக்குத் தெரியவில்லை. மெத்தை விளம்பரத்தில் மூச்சு எந்த இடத்தில் வாங்கினேன் என்று இப்போதுகூடச் சொல்வேன். ரயில் அறிவிப்பில் வாசித்த பெண்மணியின் வளையல் எங்கே உரசியது என்று சொல்வேன். என் வீட்டில், என் சுவருக்கு அந்தப் பக்கம், வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு எப்போது நின்றது என்று பாம்புச்செவிக்குத் தெரியவில்லை.

ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அவ கிளாஸ் டீச்சரைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

டீச்சர் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "நானே இன்னைக்கு உங்களுக்கு போன் பண்றதா இருந்தேன் சார்" என்றார். சின்னவள் பாட்டுக் குழுவிலிருந்து தானாக விலகிவிட்டாளாம். மதியம் தோழிகள் ஒரு மூலையில், இவள் இன்னொரு மூலையில். அடிக்கடி வயிற்றுவலி என்று போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். நர்ஸ் பார்த்ததில் காய்ச்சல் ஒன்றும் இல்லையாம். கடைசிப் பரீட்சையில் தெரிந்த கணக்கைக்கூடப் பாதியில் விட்டிருக்கிறாள்.

"முதல்ல நானும் கோட்டை விட்டுட்டேன் சார். நாற்பது வாய் பேசற கிளாஸ்ல ஒரு வாய் மூடினா எந்த டீச்சருக்கும் சந்தோஷம்தானே. 'பாருங்க, எப்படி உட்கார்ந்திருக்கா'ன்னு மத்தவங்களுக்கு அவளைக் காட்டினேன். அப்புறம்தான் உறுத்துச்சு. நேத்து கிளாஸ் முடிஞ்சதும் யாரும் இல்லாதப்போ, 'கொஞ்ச நாளா பார்க்கறேன், சோர்வா தெரியற, பாட்டுக்கும் வரல. எப்ப பேசணும்னு தோணினாலும் நான் இருக்கேன்'னு மட்டும் சொன்னேன். 'ஒண்ணுமில்ல மிஸ்'னா. ஆனா கண்ணு நிறைஞ்சிடுச்சு."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் என் காதே கூசுகிறது. "அவ சுபாவமே அமைதிங்க" என்றேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் முனகல் தாங்காமல் சுவரைத் தட்டிய கதையைச் சொன்னவன்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் திரையில் அவருடைய கோடு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு, துணி, அறையின் காற்று, ஏதோ ஒன்று. கோடு அசையாமல் படுத்துவிட்டால் அது அமைதி இல்லை, மைக் செத்துவிட்டது என்று அர்த்தம். கூடத்தில் அப்படி ஆனால் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவேன். வீட்டில் ஒரு கோடு படுத்தபோது நான் அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்முன் ஆலோசகர் சொல்லி அனுப்பினார்: "குற்றம் கண்டுபிடிக்காதீங்க, உபதேசம் வேண்டாம், உனக்கென்ன குறைன்னு கேக்கவே கேக்காதீங்க. நீங்க கவனிச்சதைச் சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க. சாகணும்ங்கற எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, கேக்கறதால வராது. என்ன சொன்னாலும் எனக்கு உடனே போன் பண்ணுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவள் கூடவே வந்தாள். பள்ளியில் அவளைப் பைத்தியமாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அவளைப் பத்திப் பேசினாங்களா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேனேப்பா. அவ இப்பல்லாம் என் டிரஸ்ஸை எடுக்கறதே இல்லன்னு. நீங்க என்ன சொன்னீங்க? 'அவ திருந்திட்டா, நீ எப்ப திருந்தப்போற'ன்னு சிரிச்சீங்க." அவள் வழியில் கிடந்த கல்லை எத்தினாள். "அன்னைக்குக் கதவை ஏன் அறைஞ்சேன் தெரியுமா? அவ ரூம்ல உட்கார்ந்து எவ்வளவோ பேசினேன். திட்டிக்கூடப் பார்த்தேன். ஒரு 'ம்' வரல. எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்தச் சங்கையே வைத்தியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

அன்று மாலை நானும் மனைவியும் சின்னவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். ஆலோசகர் சொன்னதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது இது: "உனக்கு என்ன கு..."

மனைவி மேஜைக்கு அடியில் என் காலை நசுக்கினாள்.

"...கு... குடிக்க ஏதாவது வேணுமா?" என்றேன்.

"வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு, போகலாமா என்பது போல எங்களைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து நேர்காணல் நடத்துகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். போகவிட்டோம். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அறையில் அவளைக் காணவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் என் வீட்டு ஸ்டுடியோவில் இருந்தாள். போர்வைகளுக்கு நடுவே தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு. விளக்குக்கூடப் போடவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் தினமும் அங்கேதான் உட்காருகிறாளாம், பிறகு அவளே சொன்னாள். நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் எழுந்துபோய்விடுவாளாம்.

நான் உள்ளே போய் அவள் எதிரில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தேன். இடம் அவ்வளவுதான். என் முழங்கால் மைக் தாங்கியில் இடித்தது.

"இங்கதான் சத்தம் இல்ல" என்றாள்.

"ம்."

முதல்முறையாக மைக் முன்னால் உட்காருபவர்களுக்கு வாய் உலர்ந்துவிடும். அவர்களிடம் பேசு பேசு என்றால் இன்னும் கெட்டுப்போகும். பதிவை ஓடவிட்டுவிட்டு நான் பாட்டுக்குச் சும்மா இருப்பேன். அவர்களாக ஆரம்பிப்பார்கள். பிழைப்புக்காகத் தெரிந்துவைத்திருந்த அந்த ஒன்றை, சொந்த மகளுக்குச் செய்ய இவ்வளவு நாள் ஆயிருக்கிறது.

"நீ பாடறதை நிறுத்திட்டம்மா" என்றேன். "எப்ப நிறுத்தினன்னு எனக்குத் தெரியல. கவனிக்காம விட்டுட்டேன். இப்ப கவனிக்கறேன்."

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. 'எல்லாம் சரியாயிடும்' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"ஏன்னு தெரியலப்பா" என்றாள் கடைசியில். "எதுவும் ஆகல. யாரும் எதுவும் சொல்லல. எல்லாம் கனமா இருக்கு. பல் தேய்க்கறதுகூட. நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணிட்டே இருக்கு. சொன்னா நீங்க ரெண்டு பேரும் கவலைப்படுவீங்க. அக்காவே உங்களுக்குப் போதும்னு நினைச்சேன்."

தொந்தரவே இல்லாத பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவளுக்கும் நல்ல காது.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். யாரோ எழுதிக்கொடுத்த வரிகளில் ஆயிரம் விளம்பரம் பேசியவன் அந்த ஒரு வரியை மூன்று முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதிர்ச்சி இல்லை. யாராவது கேட்டார்களே என்பது போல இருந்தது. "சாகணும்னு இல்லப்பா. ஏதாவது பண்ணிக்கணும்னும் இல்ல. தூங்கினா, காலைல எழுந்திரிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும். சில நாள்." பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"அதை மட்டும் என்னால முடியாதும்மா. அம்மாகிட்டயும் சொல்லணும், ஸ்கூல் ஆலோசகர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லணும். வேற யார்கிட்டயும் உன்னைக் கேக்காம சொல்லமாட்டேன். இதை என்கிட்ட சொன்னது பெரிய விஷயம்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்த அறையில் நான் அழுதால் எதிரொலிக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் கதைபோல இல்லை. அப்போதே ஆலோசகருக்கு போன் செய்தோம். அவர் சொன்னபடி வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மனைவி பூட்டி வைத்தாள், அன்று சின்னவளைத் தனியாக விடாமல் பெரியவள் தங்கையின் அறைக்கே தன் மெத்தையை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ஆலோசகர் சொன்ன ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், உடம்பில் வேறு கோளாறு இருந்தாலும் சோர்வு வருமாம். மருத்துவர் அவளோடு நெடுநேரம் பேசிவிட்டுச் சொன்னார்: இது மனச்சோர்வு, இதற்கு மருத்துவம் உண்டு, யார் தப்பும் இல்லை. சின்னவள் வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போகிறாள். மாத்திரை தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பள்ளியில் டீச்சர் வீட்டுப்பாடத்தைக் குறைத்தார், வகுப்பில் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பதை நிறுத்தினார், சோர்ந்த நாளில் ஆலோசகர் அறைக்குப் போக அவளுக்கு அனுமதி கொடுத்தார். அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், முதல் வாரமே எல்லாம் சரியாகிவிட்டதா என்று காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினேன். "அப்பா, நான் என்ன வாஷிங் மெஷினா, ஓடுதா ஓடுதான்னு பார்க்கறதுக்கு" என்றாள். அன்று முழுக்க மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் சின்னவள் மறுபடி படுக்கையை விட்டு எழவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொன்னாலும் வலிக்கத்தான் செய்தது. அந்த மாதிரி நாட்களில் சாயங்காலம் அவளோடு தெருமுனை வரை நடப்பேன். பேச மாட்டோம். நான் பேசாமல் நடப்பதைப் பார்த்தால் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

சில மாதங்கள் போயின. போன வாரம் வீட்டு ஸ்டுடியோவில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக நீளமான அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்தேன். அவசரம் என்று நச்சரித்தார்கள். ஜலதோஷத்தில் காது அடைத்திருந்ததால் சரியாகக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அந்த நிறுவனத்து அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"என்ன சார் இது? பின்னாடி சண்டை போடற சத்தம் கேக்குது."

எனக்கு மானம் போயிற்று. "மன்னிச்சிடுங்க சார். பெரிய பொண்ணு. அவளுக்குக் கதவை..."

"கதவு இல்ல சார். பேச்சு. 'அது என் சீப்பு, கேக்காம ஏன் எடுத்த'ன்னு ஒரு பொண்ணு கத்துது. 'உன் பேரு எழுதியிருக்கா'ன்னு இன்னொரு பொண்ணு."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு குரலா கேக்குது?"

"சார், நான் கம்ப்ளெய்ண்ட் பண்ணிட்டு இருக்கேன்."

"தெரியுது சார். இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு குரலா?"

அந்தப் பக்கம் பதிவை மறுபடி ஓடவிடும் சத்தம் கேட்டது. பிறகு எரிச்சலோடு பதில் வந்தது. "ஆமா சார். ரெண்டு குரல். ரெண்டாவது குரல்தான் ரொம்ப சத்தம்."